வயிறு நிறைந்தால் போதுமா?

‘கேழ்வரகில் எல்லாச் சத்தும் இருக்கிறது, எட்டு மாதக் குழந்தைக்கு அந்தக் கஞ்சியே போதும், பருப்பு செரிக்காது’ என்கிறார் நண்பர். கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பது உண்மைதான். ஆனால் குழந்தை குடிப்பது மாவை அல்ல, மாவு கரைத்த தண்ணீரை.

நம் வீடுகளில் ஒரு டம்ளர் தண்ணீருக்குப் பத்து கிராம் மாவுதான் போடுகிறோம். அதில் கிடைப்பது சுமார் 32 கலோரி; புரதம் ஒரு கிராம்கூட இல்லை. இந்த வயதில் தாய்ப்பால் போக, உணவிலிருந்து நாளுக்கு ஏறக்குறைய 200 கலோரி வேண்டும். அந்தச் சின்ன வயிறோ ஒரு வேளைக்கு ஒரு டம்ளரிலேயே நிறைந்துவிடும். பிள்ளை கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தும் எடை ஏறாமல் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வெறும் கேரட் மசியலும் இப்படித்தான்: நிறம் உண்டு, கலோரி மிகக் குறைவு.

அதே டம்ளரில் 20 கிராம் மாவு, குழைய வேகவைத்து மசித்த 10 கிராம் பாசிப்பருப்பு, ஒரு தேக்கரண்டி நெய் சேர்த்துப் பாருங்கள். சுமார் 140 கலோரி, கிட்டத்தட்ட நாலு கிராம் புரதம். கேழ்வரகுப் புரதத்தில் குறைவாக உள்ள லைசினைப் பருப்பு ஈடுகட்டும். நன்றாகக் குழைந்த பாசிப்பருப்பு பெரும்பாலான குழந்தைகளுக்குச் செரிக்கும். முதலில் ஒரு கரண்டி கொடுத்துப் பார்க்கலாம்.

கெட்டியானால் குழந்தை விழுங்காதே என்பார்கள். அதற்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள். கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, இளஞ்சூட்டில் லேசாக வறுத்து அரைத்த மாவில் காய்ச்சினால் அதே அளவு மாவும் இளகியே வரும். முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுகிறது. அதிகச் சூட்டில் வறுத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். கரண்டியைச் சாய்த்தால் கஞ்சி ஒழுகி ஓடாமல் மெதுவாக நழுவ வேண்டும்.