அண்ணிக்கு நன்றி சொல்வது எப்படி?

“நீங்க மட்டும் இல்லன்னா அம்மா இன்னிக்கு இருந்திருக்க மாட்டாங்க அண்ணி. நீங்க தெய்வம்!”

வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் தம்பியும் தங்கையும் தொலைபேசியில் சொல்லும் வாசகம் இது. பொய்யாகச் சொல்வதில்லை, மனசாரத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தெய்வத்துக்கு முதுகு வலிக்காது, தூக்கம் வராது, சம்பளமும் வேண்டாம். ஒருவரைத் தெய்வமாக்கிவிட்டால் அவருக்கு எதுவும் தர வேண்டியதில்லை என்றாகிவிடுகிறதே!

காட்டுப்பள்ளி பக்கத்து மீனவக் குப்பம் ஒன்றில் இப்படி ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும், நடுவே துறைமுகம். மூத்த மகன் படகுத் தொழிலில் இருக்கிறார். தம்பி வளைகுடா நாட்டில், தங்கை பெங்களூரில். பக்கவாதத்தில் படுத்துவிட்ட அம்மாவைப் பார்ப்பது மூத்தவரின் மனைவி. அதற்கு முன் அவர் விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்து மீஞ்சூர், பொன்னேரி என்று கூடையோடு போய் விற்றவர். இப்போது கூடை வீட்டு மூலையில் கிடக்கிறது.

அந்த அண்ணி என்னதான் செய்கிறார்? “அம்மாவைப் பார்த்துக்கிறாங்க” என்ற சொல்லில் அது தெரியாது. தானாகப் புரள முடியாதவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம், வலம், மல்லாக்க என்று மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை. அதில் இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு மணிகளும் அடக்கம். காற்று மெத்தை வாங்கிப் போட்டால் சுமை கொஞ்சம் குறையும், ஆனால் புரட்டும் வேலை போய்விடாது.

ஒவ்வொரு முறையும் வால் எலும்பு, இடுப்பு எலும்பு, குதிகால் மூன்றையும் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுத்துப் பிறகு நிறம் திரும்ப வேண்டும். வெளுக்காமல் அப்படியே நின்றால் படுக்கைப் புண்ணின் ஆரம்பம். நம்மைப் போன்ற கருத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்திருக்கிறதா, சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்துவிடவும் கூடாது. மூக்குக் குழாய் வழியே கஞ்சி கொடுக்கும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் உணவு நுரையீரலுக்குள் போய்விடும். இது எதுவும் வீடியோ அழைப்பில் தெரியாது. அதில் தெரிவது தலை சீவிய அம்மாவின் முகம் மட்டும்தான்.

நன்றியோடு கூடவே வரும் இன்னொன்றும் உண்டு: “ஏன் அந்த டாக்டர்கிட்ட காட்டல?” “ஏன் அம்மா இளைச்சிருக்காங்க?” இது நம்மூர் வழக்கம் மட்டுமல்ல. தூரத்திலிருந்து திடீரென்று வந்து எல்லாவற்றையும் மாற்றச் சொல்லும் உறவினருக்கு “கலிபோர்னியா மகள்” என்று பெயர் வைத்து 1991-லேயே மருத்துவ இதழில் கட்டுரை வந்துவிட்டது. உள்ளே இருக்கும் குற்ற உணர்ச்சிதான் பல நேரம் கோபமாக வெளியே வருகிறது. கேள்வி கேட்கக் கூடாது என்பதில்லை. “எந்த டாக்டர்?” என்று கேட்பவர், அழைத்துப் போக வண்டியையும் கூடப் போக ஆளையும் தானே ஏற்பாடு செய்துவிட்டுக் கேட்கட்டும்.

அப்படியானால் சரியான நன்றி எது? இதற்குப் பதில் பழவேற்காட்டு ஏரியிலேயே இருக்கிறது. அங்கே ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. நல்ல மீன்பாடு உள்ள இடங்களில் வலை கட்டும் உரிமையை ஒருவரே வைத்துக்கொள்ள முடியாது. முறை வைத்துச் சுற்றி வரும். இன்று ஒருவருக்கு, நாளை இன்னொருவருக்கு. வரவைப் பங்கு போட இவ்வளவு ஒழுங்கான ஏற்பாடு வைத்திருக்கும் ஊரில், அம்மாவின் கட்டிலோரத்துப் பாடு மட்டும் ஏன் ஒரே ஆளுக்கு?

முறை போட்டுத்தான் பார்ப்போமே. தம்பியும் தங்கையும் வருஷத்துக்கு ஆளுக்கு இருபது நாள், வெவ்வேறு சமயத்தில் வருகிறார்கள். நாற்பது இரவுகள் கழிந்தன. மீதி 325 இரவு, அதாவது ஏறக்குறைய 46 வாரம். இருவரும் சேர்ந்து பணம் போட்டு வாரத்தில் இரண்டு இரவுக்கு உதவியாள் வைத்தால் 92 இரவு. தொழிலுக்குப் போகாத நாளில் அண்ணன் ஓர் இரவு பார்த்தால் 46. அண்ணிக்கு மிஞ்சுவது 187. ஏறத்தாழப் பாதிச் சுமை இறங்கிவிட்டது! யாரும் வேலையை விடவில்லை, யாரும் தெய்வமாகவும் இல்லை.

இதில் தவறுவது எங்கே என்றால், வருகிறவர்கள் விருந்தாளியாக வந்துவிடுவதுதான். அம்மாவின் வேலையோடு அவர்களுக்கு இறால் வறுவலும் நண்டுக் குழம்பும் சமைக்கும் வேலையும் அண்ணிக்குச் சேர்கிறது. அதனால் வந்த முதல் இரண்டு நாள் பக்கத்தில் நின்று புரட்டவும் குழாயில் ஊட்டவும் கற்றுக்கொள்ள வேண்டும். மூன்றாம் நாள் அண்ணி தாய்வீட்டுக்கோ எங்கேயோ போய்த் தூங்க வேண்டும். வந்தது உதவியா விருந்தா என்று தெரிய ஒரே கேள்வி போதும்: இரவு இரண்டு மணிக்கு எழுந்தது யார்?

பணத்திலும் இரண்டு கணக்கு வேண்டும். டயப்பர், மருந்து, மெத்தை எல்லாம் அம்மாவின் செலவு. மூலையில் கிடக்கும் அந்தக் கூடையின் வருமானம் வேறு கணக்கு. முதலாவதை அனுப்பிவிட்டு இரண்டாவதையும் தீர்த்துவிட்டதாக நினைப்பதுதான் வழக்கம்.

அரசு உதவி இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே நோய்த் தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. வரும் செவிலியர் புண்ணைப் பார்ப்பார், வழி சொல்லித் தருவார். இரவு இரண்டு மணிக்குப் புரட்டிப் போட அவர் இருக்க மாட்டார்.

சட்டம்? அம்மா உயில் எழுதாமல் போனால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சொத்தில் மகன்களுக்கும் மகளுக்கும் சம பங்கு. கணவர் உயிரோடு இருக்கும் மருமகளுக்கு எதுவும் கிடையாது, பத்து வருஷம் பீ மூத்திரம் அள்ளியிருந்தாலும்! ஜப்பானிலும் மருமகள் வாரிசு இல்லைதான். ஆனால் 2019 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, ஊதியமில்லாமல் மாமியாரைப் பராமரித்த மருமகள் வாரிசுகளிடம் பணம் கோரலாம். “அண்ணி செய்ததுக்கு விலை உண்டா?” என்று நாம் கேட்கிறோம். விலை உண்டு என்று ஒரு நாடு எழுதியே வைத்துவிட்டது.

இங்கே அப்படிச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருந்தால் அண்ணி பேரில் ஒரு பங்கு வைத்து உயில் எழுதலாம். அதை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் தம்பியும் தங்கையும்தான், ஏனென்றால் அண்ணியால் அதை வாய்திறந்து கேட்க முடியாது. அம்மா எழுதும் நிலையில் இல்லையென்றால் தங்கள் பங்கிலிருந்து தருவதாக இருவரும் இப்போதே எழுதித் தரலாம்.

அடுத்த முறை அழைக்கும்போது “நீங்க தெய்வம் அண்ணி” என்பதற்குப் பதிலாக, “பதினெட்டாம் தேதி வர்றேன், இருபது நாள் நான் பாத்துக்கறேன், நீங்க கிளம்புங்க” என்று சொல்லிப் பாருங்கள். அந்த நன்றி அண்ணிக்கு உடனே புரியும்.