"முடிச்சிட்டு எழும்பு" என்று சொன்னது நாங்கள்தான்



போன தவணை எங்கள் ஐந்தாம் தர வகுப்பில் ஒரு பிள்ளையைப் பாடசாலை உணவுத் தட்டுக்கு முன்னால் இடைவேளை முடியும்வரை உட்கார வைத்தோம். "முடிச்சிட்டுத்தான் எழும்பணும்" என்றோம். அவன் அழவில்லை. சோற்றை விழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து, மணி அடித்ததும் குழாயடிக்கு ஓடித் துப்பினான். நாங்கள் அதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைத்தோம். அது பிடிவாதம் இல்லை, பயம். நாங்கள் செய்தது பிழை. அதே பிழை ஊரில் எத்தனையோ வீடுகளில் நடப்பதால்தான், வீட்டாரிடம் கேட்டு, பிள்ளையின் பெயர் சொல்லாமல் இதை எழுதுகிறோம்.

நடந்தது இதுதான். ஒரு வலீமாவில் சஹனில் சாப்பிடும்போது அவனுக்கு ஒரு இறைச்சித் துண்டு தொண்டையில் சிக்கியது. முகம் சிவந்து, கண் பிதுங்கி இருமினான். யாரோ முதுகில் தட்ட, துண்டு வெளியே வந்துவிட்டது. எல்லாம் அரை நிமிஷம். பெரியவர்கள் அதை மறந்துவிட்டார்கள். அவன் மறக்கவில்லை. அடுத்த நாள் இறைச்சியை விட்டான். பிறகு கோழி, மீன், பாண், சோறு. இரண்டு மாதத்தில் மிஞ்சியது வடித்த கஞ்சியும் பாலும்தான். 29 கிலோ இருந்தவன் 25 கிலோவுக்கு வந்தான்.

ஊர் என்ன சொன்னது? "நடிக்கிறான்." "ரெண்டு நாள் பட்டினி போட்டா தானாத் தின்னுவான்." "கண்ணூறு, தண்ணி ஓதிக் குடுங்க." ஓதிக் கொடுப்பதை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓதிக் கொடுத்த கையோடு டொக்டரிடமும் கொண்டுபோங்கள் என்றுதான் சொல்கிறோம். ஆனால் பட்டினி போடச் சொன்னவர்களோடு எங்களுக்குச் சண்டை உண்டு. பசித்தால் தின்பது பயமில்லாத பிள்ளை. இந்தப் பிள்ளைக்கும் பசித்தது. சோற்றுக் கோப்பையைப் பார்த்து எச்சில் விழுங்கினான். சாப்பிட்டால் மூச்சடைத்துச் செத்துவிடுவோம் என்று நம்புகிறவனுக்குப் பசி பெரிய விஷயமே இல்லை.

மெலிய வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைப்பது வேறு நோய். இந்தப் பிள்ளை மெலிந்ததைப் பார்த்து அவனே கவலைப்பட்டான். சிக்கிவிடும், சத்தி வந்துவிடும் என்ற பயத்தால் உணவைத் தவிர்ப்பதும் வைத்தியர்கள் கண்டறிந்து சிகிச்சை செய்கிற ஒரு கோளாறுதான். 2013 முதல் அதற்கு மருத்துவத்தில் ARFID என்ற பெயரும் இருக்கிறது. நடிப்புக்கு யாரும் அப்படிப் பெயர் வைப்பதில்லை.

இந்தப் பயம் ஏன் விடுவதில்லை? விழுங்குவது தானாக நடக்கும் வேலை. விழுங்கும் நேரம் மூச்சு ஒரு கணம் நிற்கும், குரல்வளை மேலே எழும்பி மூடிக்கொள்ளும், உணவு பின்பக்கக் குழாயால் இறங்கும். படி இறங்கும்போது காலையே பார்த்து யோசித்தால் தடுமாறுவோமே, அதுபோல விழுங்குவதையே கவனித்துக்கொண்டிருந்தால் அது குழம்பும். பயத்தில் வாய் வரண்டு, தொண்டை இறுகி, ஏதோ உருண்டை நிற்பது போலத் தோன்றும். "பாத்தீங்களா, சிக்குது" என்பான் பிள்ளை. அவன் பொய் சொல்லவில்லை. அந்த இறுக்கம் உண்மை, ஆனால் அது சாப்பாடு சிக்கிய இறுக்கம் இல்லை. கோப்பையைத் தள்ளியதும் இறுக்கம் விடும். அந்த நிம்மதிதான் அடுத்த வேளையும் தள்ளச் சொல்கிறது.

இங்கே வீட்டார் இரண்டு பிழை விடுகிறார்கள். ஒன்று வாப்பாமார் பிழை: ஏசுவது, வாயில் திணிப்பது. திணித்தால் பிள்ளைக்கு ஓங்காளம் வரும், பயம் சரிதான் என்று அதுவே அவனுக்கு அத்தாட்சி ஆகிவிடும். மற்றது உம்மாமார் பிழை. அது அன்பிலிருந்து வருவதால் யாரும் பிழை என்று சொல்வதில்லை. எல்லாவற்றையும் அரைத்துக் கொடுப்பது, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் நீட்டுவது, "சிக்காது மகன், சிக்காது" என்று நூறு தடவை சொல்வது. எடை விழாமல் இருக்கக் கொஞ்ச நாள் கஞ்சியும் பாலும் தேவைதான். ஆனால் அதிலேயே நின்றுவிட்டால், "உன்னால மெல்ல ஏலாது" என்று நாமே அவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்.

பயம் என்று முடிவெடுக்கும் முன் உடம்பைப் பார்க்க வேண்டும். தண்ணீர்கூட இறங்கவில்லை, விழுங்க வலிக்கிறது, நெஞ்சுக்குள் உணவு நிற்கிறது, குடிக்கும்போது புரைக்கேறுகிறது, குரல் மாறியிருக்கிறது, சாப்பிட்டது திரும்பி வருகிறது என்றால் அது தொண்டை, உணவுக்குழாய் வருத்தமாக இருக்கலாம். எங்கள் பிள்ளையை முதலில் பெரியாஸ்பத்திரியில் காட்டினார்கள். தொண்டையில் குறை இல்லை என்றான பிறகுதான் சிறுவர் மனநலக் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். "மனநலம்" என்ற சொல்லைக் கேட்டு மூத்தம்மா இரண்டு கிழமை போகவே விடவில்லை. அந்த இரண்டு கிழமையில் இன்னும் ஒரு கிலோ போனது. ஊருக்குப் பயந்து பிள்ளையை மெலிய விடுகிறோம் என்றால், யாருடைய பயத்துக்கு முதலில் மருந்து வேண்டும்?

கிளினிக்கில் செய்தது எளிமையானது. பிள்ளையையே உணவுகளை எழுதச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து பத்து வரை பயத்துக்குப் புள்ளி போட வைத்தார்கள். வடித்த கஞ்சி 0. பருக்கையோடு கஞ்சி 2. மசித்த வாழைப்பழம் 3. சொதியில் ஊறிய இடியப்பம் 4. பருப்போடு குழைத்த சோறு 5. தேத்தண்ணியில் தோய்க்காத பாண் 6. முள் எடுத்த மீன் 7. கோழி 8. இறைச்சி 10. அதுதான் ஏணி. ஏறும் வரிசையை அவன் போட்டான், நாங்கள் போடவில்லை.

வயிறு நிரம்ப வழக்கமான கஞ்சியும் பாலும் நேரத்துக்கு நேரம் உண்டு. அதோடு நாளுக்கு இரண்டு வேளை பயிற்சி. முதல் நாள் பருக்கைக் கஞ்சி அரைத் தேக்கரண்டி. அவ்வளவுதான். அடுத்த நாள் ஒரு தேக்கரண்டி, பிறகு மூன்று, பிறகு அரைக் கோப்பை. விழுங்கும் முன் ஒரு புள்ளி, விழுங்கியபின் ஒரு புள்ளி சொல்வான். தொடர்ந்து சில வேளைகள் பயம் இரண்டுக்குக் கீழே நின்றால் அடுத்த படி. நிற்காவிட்டால் அதே படி. சாப்பாடு அரை மணித்தியாலத்துக்கு மேல் இழுபடக்கூடாது. மேசையில் பேச்சு கிரிக்கெட்டைப் பற்றி இருக்கலாம், தொண்டையைப் பற்றி இருக்கக்கூடாது. "சிக்குமா உம்மா?" என்று கேட்டால், "பயம்தான் கேக்குது மகன், அடுத்த கரண்டியப் பாப்போம்" என்பதோடு சரி. எவ்வளவு தின்றான் என்பதற்கல்ல, முயன்றதற்கே பாராட்டு.

உணவோடு சேர்த்துச் சில பழக்கங்களையும் குறைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்லுவான், உடனே தண்ணீர் குடிப்பான். முதலில் மூன்று வாய்க்கு ஒரு தடவை தண்ணீர், பிறகு கடைசியில் மட்டும். இந்தப் பழக்கங்களை விடாவிட்டால், "தண்ணி இருந்ததாலதான் தப்பினேன்" என்றே பிள்ளை நினைக்கும்.

நாலாவது கிழமை பாணில் புரைக்கேறியது. இருமினான், பயந்தான். உம்மா மூன்று நாள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். பயம் ஆறிலிருந்து ஒன்பதுக்குப் போனது. கிளினிக்கில் சொன்னது: ஒரு படி இறங்குங்கள், அடிவரை இறங்காதீர்கள், ஆனால் அன்றைக்கே தொடருங்கள். இருமல் என்பது காற்றுப் பாதை தன்னைக் காத்துக்கொள்ளும் வேலை. இரும முடிந்தால், பேச முடிந்தால் காற்று போகிறது என்று அர்த்தம், இரும விடுங்கள். சத்தமே வராமல், மூச்சு விட முடியாமல் போவதுதான் உண்மையான அடைப்பு. அதற்கு முதுகில் ஐந்து தட்டு, பிறகு வயிற்றில் ஐந்து அழுத்து என்று மாறி மாறிச் செய்யும் முதலுதவியை ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது முறையாகப் பழகியிருக்க வேண்டும். 1990 அம்பியூலன்ஸ் இலக்கமும் தெரிந்திருக்க வேண்டும்.

சத்திக்குப் பயந்து சாப்பிடாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். வேனில் ஒரு தடவை சத்தி எடுத்த பிள்ளை, பிறகு பள்ளிக்கூட நாட்களில் காலையில் எதுவுமே தொடாது. வெறும் வயிறும் பயமும் தாமே வயிற்றைப் பிரட்டும் என்பது அதற்குத் தெரியாது. அதன் ஏணி வேறு: சத்தி என்ற சொல்லை எழுதுவது, படம் பார்ப்பது, சத்தம் கேட்பது, இரண்டு பிஸ்கட் தின்றுவிட்டு நிற்கும் வேனில் உட்காருவது, பிறகு சந்திவரை போய் வருவது. யாரையும் வேண்டுமென்று சத்தி எடுக்க வைக்கத் தேவையில்லை, வைக்கவும் கூடாது.

நோன்பு மாதத்தில் இந்தப் பயம் நன்றாக ஒளிந்துகொள்ளும். இப்தாரில் கஞ்சியும் தண்ணீரும் மட்டும் குடித்து எழும்பும் பிள்ளையைக் கவனியுங்கள். மெலிந்துகொண்டிருக்கும் பிள்ளையை "நோன்பு புடிக்கிறான்" என்று மெச்சாதீர்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை நாம் ஏன் பறிக்க வேண்டும்?

வீட்டில் செய்யக்கூடாத நிலையும் உண்டு. தலைசுற்றி விழுதல், சலம் குறைதல், எடை வேகமாக விழுதல், பானமும் மறுத்தல் என்றால் ஏணி வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. பல நாள் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாத பிள்ளைக்குத் திடீரென்று நிறையக் கொடுப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்புகள் குழம்பி இருதயத்தைப் பாதிக்கும். அதை வைத்தியர் பார்த்துத்தான் கூட்ட வேண்டும். எங்கே போவதென்று தெரியாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள்.

அவன் இப்போது பதினோராவது கிழமையில் மீன் சாப்பிடுகிறான். 27 கிலோ. கோழியை நாராகக் கிழித்துத் தொடங்கியிருக்கிறான். இறைச்சிக்கு இன்னும் பத்துப் புள்ளிதான். அவசரமில்லை.

எங்கள் வகுப்பில் "முடிச்சிட்டு எழும்பு" இனி இல்லை. சாப்பிடாத பிள்ளையை மற்றப் பிள்ளைகள் முன்னால் பகிடி பண்ணுவதும் இல்லை. மிச்சம் வைக்கும் பிள்ளையிடம் தனியாகக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்போம்: "விருப்பமில்லையா, பயமா?" உங்கள் மேசையிலும் ஏசும் முன் அதைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு மாதம் முந்தியே நாங்கள் கேட்டிருந்தால், அந்த நாலு கிலோ போயிருக்காது.