'ரேட் என்ன?' என்று கேட்பவருக்கு

புதுக்கோட்டையிலிருந்து ஒருவர் திருப்பூரில் உள்ள சிறிய பனியன் யூனிட்டுக்கு வாட்ஸ்அப்பில் கேட்கிறார்: "பழைய மாணவர் சந்திப்புக்கு 60 டீ-ஷர்ட் வேணும். ரேட் என்ன?" பெரும்பாலும் கிடைக்கும் பதில், "210 ரூபாய் சார்." கேட்டவர் 60 பெருக்கல் 210 என்று கணக்குப் போட்டு, 12,600 ரூபாய் என்று நண்பர்களிடம் வசூலித்துவிடுவார். பிறகு பிரிண்ட் ஸ்கிரீன், லாரி வாடகை, ஜி.எஸ்.டி. என்று ஒவ்வொன்றாகச் சொல்லும்போது, ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். இத்தனைக்கும் விற்றவர் பொய் எதுவும் சொல்லவில்லை.

பெரிய கடைக்காரர் இந்தச் செலவுகளைத் தானே கேட்டுத் தெரிந்துகொள்வார். வாழ்நாளில் ஒருமுறை 60 டீ-ஷர்ட் வாங்குபவருக்கு எதைக் கேட்க வேண்டும் என்றே தெரியாது. ஆகவே கொட்டேஷன் அவர் கேட்காததற்கும் பதில் சொல்ல வேண்டும். அதற்கு லெட்டர்ஹெட் வேண்டியதில்லை. வாட்ஸ்அப் செய்தியே போதும். இப்படி இருக்கலாம்:

"வணக்கம் சார். கொட்டேஷன் எண் 41. 180 ஜி.எஸ்.எம். காட்டன் ரவுண்ட் நெக், நேவி ப்ளூ, முன்பக்கம் ஒரே கலர் பிரிண்ட். 60 பீஸ், ஒன்று ரூ.210 வீதம் ரூ.12,600. ஸ்கிரீன் செலவு ஒருமுறை ரூ.600. புதுக்கோட்டை லாரி ஆபீஸ் வரை பார்சல் ரூ.350. ஜி.எஸ்.டி. 5% ரூ.677.50. மொத்தம் ரூ.14,227.50. 50 பீஸுக்குக் குறைந்தால் பீஸ் ரூ.225. இந்த விலை மார்ச் 14, சனி மாலை 6 மணிக்குள் ரூ.7,000 முன்பணம் வந்தால் செல்லும். முன்பணமும் டிசைன் ஒப்புதலும் வந்த நாளிலிருந்து 8 வேலை நாளில் இங்கிருந்து அனுப்புவோம். சரக்கை அனுப்பும் முன் மீதியைக் கட்ட வேண்டும்."

டெலிவரி செலவில்தான் சச்சரவு அதிகம். "டெலிவரி எக்ஸ்ட்ரா" என்ற இரண்டு சொல் எதையும் சொல்வதில்லை. லாரி பார்சலில் அனுப்புபவரே வாடகை கட்டுவது 'பெய்ட்'. பெறுபவர் சரக்கை எடுக்கும்போது கட்டுவது 'டு-பே'. டு-பே என்றால் தொகையையும் தோராயமாகச் சொல்லிவிட வேண்டும். அதைவிட முக்கியமானது, சரக்கு லாரி ஆபீஸ் குடோன் வரையா, வீட்டு வாசல் வரையா என்பது. பழகியவருக்கு எல்.ஆர். நகலைக் காட்டிப் பெட்டியை எடுப்பது சாதாரணம். புதியவரோ வீட்டில் உட்கார்ந்து காத்திருப்பார். பார்சல் வாடகையை விற்பவரே பில்லில் சேர்த்து வாங்கினால், டீ-ஷர்ட்டுக்குரிய வரி அதற்கும் சேரும் என்பதையும் மறக்கக் கூடாது. மேலே உள்ள கணக்கு அப்படித்தான் போடப்பட்டிருக்கிறது.

விலைக்குக் கெடு வைப்பது அவசரப்படுத்துவதற்காக அல்ல. கையில் இருக்கும் நேவி ப்ளூ துணி தீர்ந்துவிட்டால், அடுத்த முறை வாங்கும் விலையும் சாயமும் மாறலாம். அந்தக் காரணத்தை ஒரு வரியில் சொன்னால் யாரும் கோபிப்பதில்லை. '7 நாள் செல்லும்' என்று எழுதினால் எந்த நாளிலிருந்து என்ற கேள்வி வரும், தேதியையே எழுதிவிடலாம். 'வரை செல்லும்' என்று மட்டும் விட்டாலும் போதாது. அதற்குள் செய்தி வர வேண்டுமா, பணம் வர வேண்டுமா என்பது தெரிய வேண்டும்.

உறுதி செய்வதற்கும் வழி சொல்லித்தர வேண்டும். "சரி சார்" என்று வரும் பதில் கொட்டேஷனுக்கான சம்மதமா, 'பார்த்தேன்' என்பதா, தெரியாது. "எண் 41 உறுதி" என்று எழுதி, எந்த சைஸில் எத்தனை, பெறுபவர் பெயர், போன் எண் ஆகியவற்றை அனுப்பச் சொல்லுங்கள். முன்பணத்துக்கு ஸ்கிரீன்ஷாட் வந்தாலும், கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே "கிடைத்தது" என்று பதில் போட வேண்டும். அந்தப் பதில் போன பிறகே துணி வெட்ட வேண்டும்.

இனி சிக்கலான இடம். அவர், "ஓகே, ஆனா 45 போதும், வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்" என்கிறார். இது உறுதி அல்ல. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி ஏற்பு என்பது நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும். மாற்றத்தோடு சொன்ன 'ஓகே' ஒரு புதிய கோரிக்கைதான். எனவே பழைய செய்தியைத் திருத்தாமல், "எண் 41-க்குப் பதிலாக எண் 41-ஏ" என்று முழுதாக மீண்டும் அனுப்புவதே நல்லது. 45 பீஸ் ரூ.225 வீதம், ஸ்கிரீன், பார்சல், வரி சேர்த்து ரூ.11,628.75. வெள்ளிக்கிழமைக்குள் முடியாது என்றால் அதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். பேசிச் சமாளிக்கலாம் என்று விடக் கூடாது.

14-ஆம் தேதி கடந்தும் பதில் இல்லையா? ஒரே ஒரு செய்தி போதும்: "சார், எண் 41-இன் கெடு முடிந்துவிட்டது. துணி இன்னும் இருக்கிறது. 18-ஆம் தேதி மாலைக்குள் முன்பணம் வந்தால் அதே விலைக்குத் தர முடியும். வேண்டாம் என்றாலும் சொல்லுங்கள், வேறு ஆர்டருக்கு எடுத்துக்கொள்கிறோம்."