கடைசி நாள் மடல்: தம்பட்டமும் உள்குத்தும்

பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் ஏதாவது ஒரு மென்பொருள் கம்பெனிக்குள் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் உட்கார்ந்தால் போதும். நாலு மணிக்கு மேல் மொத்த கம்பெனிக்கும் ஒரு மடல் வந்து விழும். யாரோ ஒருவருக்கு இன்று கடைசி நாள். எண்ணூறு பேர் திறப்பார்கள், எழுநூறு பேர் இரண்டு வரியில் மூடுவார்கள். மிச்சம் நூறு பேர் கடைசிவரை படிப்பார்கள். நல்ல மடல் என்பதற்காக இல்லை, யாரைக் குத்தியிருக்கிறார் என்று தேடத்தான்.

கம்பெனிக்குள் நுழைய ரெஸ்யூமே எப்படி எழுதுவது என்று கல்லூரியில் பிழிந்து எடுக்கிறார்கள். வெளியே போகிற நாளில் எழுத வேண்டிய பத்து வரியைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. விளைவு, இணையத்தில் கிடைக்கிற மாதிரிக் கடிதத்தைச் சுட்டு, அதன் தலையில் தம்பட்டத்தையும் வாலில் உள்குத்தையும் ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள்.

ஒரு டீம் லீடை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், எல்லா மாடியிலும் ஒருவர் இருப்பார். 2014-ல் சேர்ந்தவர், பதினோரு வருட சர்வீஸ், பில்லிங் புராஜெக்ட். பதவி உயர்வு இரண்டு முறை கையைவிட்டுப் போனது. தொண்ணூறு நாள் நோட்டீஸை முடித்துவிட்டார். கடைசி நாள் மதியம் அவர் தட்டி வைத்த வரைவு கிட்டத்தட்ட இப்படி இருக்கும் (நிஜத்தில் ஆங்கிலத்தில்தான் போகும், விஷயம் ஒன்றுதான்):

"ஒன்றுமே இல்லாத ஒரு புராஜெக்டில் சேர்ந்தேன். இன்று அது நாற்பது பேர் கொண்ட அணி. எத்தனையோ இரவுகள் தூங்காமல் அதைக் கட்டியெழுப்பினேன். என் உழைப்பை உண்மையாக மதித்த சிலருக்கு மட்டும் நன்றி, யார் என்று அவர்களுக்கே தெரியும். அரசியலைத் தாண்டித் திறமை ஜெயிக்கும் என்று நம்புகிறேன். அடுத்து ஒரு பெரிய நிறுவனத்தில் இன்னும் பெரிய பொறுப்பு காத்திருக்கிறது."

பொய் என்று இதில் ஒன்றும் இல்லை. இரவு தூங்காததும் நிஜம், அரசியல் இருந்ததும் நிஜம். ஆனால் இது யார் தலையில் போய் விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் தம்பட்டம். அணியோடு வேலை செய்தவர்களுக்கு அவர் செய்தது ஏற்கெனவே தெரியும், அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்ற மாடிக்காரர்களுக்கு அதைச் சரிபார்க்க வழியே இல்லை, ஆகவே பில்டப் என்று தள்ளிவிடுவார்கள். நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது. "ஒன்றுமே இல்லாத புராஜெக்ட்" என்றால், அவர் வருவதற்கு முன்னால் அதில் மாரடித்த ஆறு பேர் யார்? "கட்டியெழுப்பினேன்" என்றால், பக்கத்து நாற்காலியில் அதே இரவுகளில் கண் விழித்தவர்கள் என்ன காற்று வாங்கினார்களா? ஒரு 'நான்' சேர்த்ததில் இத்தனை பேருக்குச் சுருக்கென்று தைக்கிறது. அவர் மேல் நிஜமான மரியாதை வைத்திருந்ததும் இவர்கள்தான்.

இப்போது உள்குத்து. "மதித்த சிலருக்கு மட்டும் நன்றி." இது யாருக்கு விட்ட அம்பு? மேலாளருக்கு. மேலாளர் படித்தாரா? படித்திருந்தாலும் "இது அந்த டைரக்டருக்குச் சொன்னது" என்று தோளைக் குலுக்கிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். பெயர் போடாத குத்தின் லட்சணமே இதுதான். தடித்த தோல்காரன் தன்னைச் சொன்னதாக நினைக்கவே மாட்டான். மெல்லிய தோல்காரன்தான் துடிப்பான். போன வருஷம் சேர்ந்து, அவரிடம் வேலை கற்ற ஒரு பெண், "அண்ணா அந்தச் சிலரில் என்னையும் சேர்த்தாரா, இல்லையா?" என்று இரண்டு நாள் குழம்பிக்கொண்டிருப்பாள்.

யோசித்தால் தம்பட்டமும் உள்குத்தும் ஒன்றேதான். கிடைக்காமல் போன பதவி உயர்வை முதல் பத்தியில் தனக்குத் தானே கொடுத்துக்கொள்கிறார், இரண்டாம் பத்தியில் கொடுக்காதவரைத் திட்டுகிறார். இரண்டுமே கணக்குத் தீர்ப்பது. எண்ணூறு பேருக்கு முன்னால் தீர்க்க முடிகிற கணக்கு அல்ல அது.

"அப்படியென்றால் நியாயமான கோபத்தை முழுங்கிவிட்டுப் போக வேண்டுமா?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதவி உயர்வு கிடைக்காத கோபமாக இருந்தால், நோட்டீஸ் ஓடும்போதே மேலாளரிடம் கதவைச் சாத்திக்கொண்டு நேரில் சொல்லலாம். எக்ஸிட் இண்டர்வியூவில் சொல்லலாம் (பல இடங்களில் அது வெறும் டிக் அடிக்கிற சடங்கு, இருந்தாலும் எழுத்தில் பதிவாகும்). விஷயம் அதைவிடப் பெரியதாக, உதாரணமாகப் பாலியல் தொல்லையாக இருந்தால், அதற்கு உள்குத்து சுத்தமாகப் போதாது. 2013-ம் வருடச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும். பொதுவாகச் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் அங்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். விடைபெறும் மடலில் "சிலரின் நடத்தை" என்று பூடகமாக ஒரு வரி எழுதினால் அது புகாராகாது. எழுதியவருக்குச் சொல்லிவிட்டோம் என்று ஒரு திருப்தி, செய்தவருக்கு முன்கூட்டியே ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான் நடக்கும். சின்னக் கோபத்துக்கு இந்த மடல் ரொம்பப் பெரிய மேடை. பெரிய கோபத்துக்கு ரொம்பச் சின்ன மேடை.

கசப்பு இல்லாமல் எழுத முடியுமா என்பவர்கள் குரூப்பான் கதையைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் சிகாகோவில் இருக்கும் அந்தத் தள்ளுபடிக் கூப்பன் கம்பெனி 2011 நவம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது, ஒரு பங்கு 20 டாலர். 2013 பிப்ரவரி 28 அன்று அதன் நிறுவனரும் தலைவருமான ஆண்ட்ரூ மேசனை நிர்வாகக் குழு வேலையை விட்டுத் தூக்கியது. பங்கின் விலை அப்போது கால்வாசிக்கு வந்திருந்தது. அன்றைக்கு ஊழியர்கள் அனைவருக்கும் அவர் எழுதிய மடலில், குடும்பத்தோடு நேரம் செலவிடப் போகிறேன் என்று எல்லாத் தலைவர்களும் விடுகிற ரீலை முதலில் விட்டார். அடுத்த மூச்சிலேயே, சும்மா சொன்னேன், இன்று என்னை நீக்கிவிட்டார்கள் என்றார். கணக்கில் வந்த குளறுபடி, தவறிய இலக்குகள், விழுந்த பங்கு விலை எல்லாவற்றையும் அவரே வரிசைப்படுத்தி, தலைவன் என்ற முறையில் பொறுப்பு தன்னுடையது என்றார். எப்படியும் கசியும் என்பதால் தானே வெளியிடுவதாகவும் சொன்னார். நீக்கிய குழுவைப் பற்றி ஒரு முள் கூட இல்லை. பெருமை என்று ஒரு வரி உண்டு, ஆனால் அதில் உருவாக்கியது 'நாம்'.

உடனே அந்த நக்கலை அப்படியே காப்பி அடிக்கக் கிளம்பிவிடக் கூடாது. மேசனின் கதை கம்பெனியில் இருந்த அத்தனை பேருக்கும் ஏற்கெனவே தெரியும், அதனால் அவர் தன்னையே கிண்டல் செய்தது எடுபட்டது. யாருக்கும் தெரியாத ஒரு டெஸ்டர் தன் தோல்விகளைப் பட்டியல் போட்டால் அனுதாபத்துக்கு அலைகிற மாதிரிதான் இருக்கும். எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த 'நாம்' ஒன்றுதான்.

நம் டீம் லீடுக்கு வருவோம். அந்த மடலைப் படிக்கிறவர்கள் எல்லோரும் நாளைக்கும் அங்கேயே வேலைக்கு வரப்போகிறவர்கள். அவர்களுக்குத் தேவை மூன்று விஷயம்: இவர் போகிறார், இனி யாரைக் கேட்பது, இவரை எங்கே பிடிப்பது. அதோடு ஒரு நன்றி. நன்றியில் ஒரு கண்ணிவெடி உண்டு. அறுபது பெயர் எழுதினால் அறுபத்தோராவது ஆள் விரோதி. பெயருக்குப் பதில் ஒரு சம்பவத்தைச் சொல்லிவிட்டால் அதில் இருந்தவர்கள் தங்களைத் தாங்களே கண்டுகொள்வார்கள், இல்லாதவர்களுக்கும் வருத்தம் இருக்காது. திருத்திய பிறகு இப்படி வந்தது:

"அனைவருக்கும் வணக்கம். இன்று இங்கே எனக்குக் கடைசி நாள். பதினோரு வருடமும் பில்லிங் அணியில் இருந்தேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீடு வாசலைப் போட்டுவிட்டு பெங்களூருக்கு பஸ் ஏறி, நவம்பர் மாத பில்லை நாள் தவறாமல் நாம் அனுப்பிய அந்த வாரத்தை மறக்க மாட்டேன். வேலை என்றால் என்ன என்று கூட இருந்தவர்களிடம் கற்றது அப்போதுதான். பில்லிங் பற்றிய கேள்விகளை இனி அணியின் பொது முகவரிக்கு எழுதுங்கள், திங்கள் முதல் அங்கே பதில் சொல்ல ஆள் உண்டு. என் சொந்த முகவரி கீழே இருக்கிறது. நன்றி."

கோபம் எங்கே போனது? எங்கேயும் போகவில்லை, இந்த மடலில் இல்லை, அவ்வளவுதான். புதுக் கம்பெனியின் பெயரும் இல்லை. கேட்கிறவர்களுக்குத் தனியாகச் சொன்னால் ஆயிற்று, எண்ணூறு பேருக்கு அறிவிப்பது விளம்பரம். அந்த வெள்ள வாரத்தில் முழு வேலையையும் இழுத்தது அவர்தான் என்பது கூட இருந்த பன்னிரண்டு பேருக்குத் தெரியும். அவர் சொல்லாமல் விட்டதாலேயே அவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார்கள்.

அனுப்புவதிலும் கொஞ்சம் சூதானம் வேண்டும். ஆறு மணிக்கு அக்கவுண்டை முடக்கிவிடுவார்கள் என்றால் ஐந்தே முக்காலுக்கு அனுப்புவதில் அர்த்தமில்லை, வருகிற பதிலெல்லாம் சுவரில் மோதித் திரும்பும். மூன்று மணிக்கு அனுப்பினால் வந்து கை கொடுக்கிறவர்களுக்கும் நேரம் இருக்கும். மொத்த கம்பெனி முகவரியை To-வில் போடாமல் Bcc-யில் போட வேண்டும். இல்லாவிட்டால் "ஆல் தி பெஸ்ட்" சொல்ல நினைக்கிற ஒவ்வொருவரும் Reply All அழுத்தி, "என்னை இந்தப் பட்டியலிலிருந்து எடுங்கள்" என்று இன்னும் நாற்பது பேர் அதற்கும் Reply All அழுத்தி, கும்மி ஆரம்பமாகிவிடும். சிரிப்பு விஷயம் இல்லை, 1997-ல் மைக்ரோசாஃப்ட்டுக்குள்ளேயே சுமார் 13,000 பேர் கொண்ட ஒரு பட்டியலில் இந்தக் கூத்து நடந்து அவர்களுடைய மெயில் சர்வர்களே திணறின. மொத்த கம்பெனி முகவரிக்கு எழுத எச்.ஆர். அனுமதி வேண்டும் என்று சில இடங்களில் பூட்டி வைத்திருப்பார்கள். அங்கே அணிக்கும் தெரிந்தவர்களுக்கும் மட்டும் அனுப்பினால் ஒன்றும் குறைந்துவிடாது. எண்ணூறு பேருக்குத்தான் போக வேண்டும் என்று யார் அழுதார்கள்? :-)

இன்னொரு விஷயம். பதினோரு வருடம் தினமும் காபி கொண்டுவந்து வைத்த பேண்ட்ரி அண்ணன், மேஜை துடைத்த அக்கா, நைட் ஷிஃப்டில் வீடு சேர்த்த கேப் டிரைவர், இவர்களெல்லாம் பெரும்பாலும் காண்ட்ராக்ட் ஆட்கள். மெயில் பட்டியலில் அவர்கள் பெயரே கிடையாது. "ஹவுஸ்கீப்பிங் நண்பர்களுக்கும் நன்றி" என்று மடலில் எழுதுவது, அவர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் காட்டுவதற்காக எழுதுவது. திருத்திய மடலில் அந்த வரி இல்லை. மூன்று மணிக்கு Send அழுத்திவிட்டு அவர் முதலில் போனது பேண்ட்ரிக்குத்தான்.