17.7 மீட்டரா, 18.2 மீட்டரா? பில்டிங் கட்டும் முன்பே கேட்கப்படும் ‘தீ அறிக்கை’... இங்கிலாந்தில் நடப்பது என்ன?

2019 நவம்பர் 15, வெள்ளிக்கிழமை இரவு. இங்கிலாந்தின் போல்டன் நகரில் ‘தி கியூப்’ என்ற மாணவர் விடுதி தீப்பிடித்தது. வெளிச்சுவரில் அலங்காரத்துக்காகப் பொருத்தியிருந்த பலகைகள் வழியாகத் தீ மளமளவென மேலே ஏறியது. 200-க்கும் மேற்பட்ட மாணவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். இரண்டு பேருக்குக் காயம். நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை.

ஆனால், மறுநாள் அங்கே எல்லோரும் பேசியது ஒரே ஒரு எண்ணைப் பற்றித்தான். அந்தக் கட்டடத்தின் உயரம் 18 மீட்டருக்குச் சற்றுக் குறைவு.

அதில் என்ன பிரச்னை? 2017 ஜூன் 14 அன்று லண்டனின் கிரென்ஃபெல் டவரில் தீப்பிடித்து 72 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியக்கூடிய பொருள்களுக்கு இங்கிலாந்து அரசு 2018 டிசம்பரில் தடை போட்டது. அந்தத் தடை 18 மீட்டர் அல்லது அதற்கு மேல் உயரமுள்ள புதிய கட்டடங்களுக்குத்தான். அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும் பில்டிங்கும் அதே மாதிரி எரியும் என்பதை போல்டன் காட்டிவிட்டது.

அது என்ன தீ அறிக்கை?

2021 ஆகஸ்ட் 1 முதல் இங்கிலாந்தில் ஒரு புதிய நடைமுறை. 18 மீட்டர் உயரம் அல்லது ஏழு தளங்கள், இந்த இரண்டில் ஏதாவது ஒன்றைத் தொடும் அடுக்குமாடிக் குடியிருப்போ மாணவர் விடுதியோ கட்ட வேண்டுமானால், உள்ளாட்சி அமைப்பிடம் பிளான் அப்ரூவலுக்குப் போகும்போதே ‘தீ அறிக்கை’ ஒன்றையும் சேர்த்துத் தர வேண்டும். அஸ்திவாரம் தோண்டும் முன்பே, ஏன், உள்ளறைகளின் வரைபடம் முழுசாக முடியும் முன்பே தரும் அறிக்கை இது.

அரசே அச்சிட்ட படிவம் இருக்கிறது. எத்தனை பிளாக், ஒவ்வொன்றின் உயரம் என்ன, வெளிச்சுவர் எதனால் ஆனது, ஸ்பிரிங்க்ளர் உண்டா, தீப்பிடித்தால் எல்லோரும் உடனே வெளியேற வேண்டுமா அல்லது மற்ற வீட்டுக்காரர்கள் உள்ளேயே இருக்கலாமா, தீயணைப்பு வண்டி எங்கே வந்து நிற்கும், தண்ணீர் எங்கிருந்து வரும்... இப்படிக் கேள்விகள் போகும். நிரப்புபவர் தன் தகுதியையும் அனுபவத்தையும் எழுத வேண்டும்.

டேப்பை எங்கே வைப்பது?

முதல் சிக்கல் உயரத்தில்தான். நாம் சாதாரணமாக பில்டிங் உயரம் என்றால் தரையிலிருந்து மொட்டைமாடி வரை என்று நினைப்போம். இங்கிலாந்துக் கணக்கு அப்படியில்லை. மேல்தளத்தில் குடியிருப்பவர் கால் வைக்கும் தரை வரைதான் அளவு. காரணம் எளிது. தீயணைப்பு வீரர் ஏறிப் போய்ச் சேர வேண்டிய இடம் அது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறு தளக் கட்டடம். கீழே கடைகள் வருவதால் தரைத்தளம் 4.5 மீட்டர். அதற்கு மேல் ஒவ்வொரு தளமும் 3.3 மீட்டர். ஆறாவது தளத்தின் தரையைத் தொட, கடைத் தளத்தையும் அதற்கு மேலே நான்கு தளங்களையும் கடக்க வேண்டும். 4.5-உடன் 13.2 சேர்த்தால் 17.7 மீட்டர். தளமும் ஏழு இல்லை, உயரமும் 18 இல்லை. அறிக்கை தேவையில்லை என்று பில்டர் நிம்மதியாகிவிடலாம்.

ஆனால், மனை சரிவாக இருந்தால்? பின்பக்கம் தரை அரை மீட்டர் தாழ்வாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டடத்தை ஒட்டிய தரையில் மிகத் தாழ்வான இடத்திலிருந்துதான் அளக்க வேண்டும் என்கிறது விதி. இப்போது அதே கட்டடம் 18.2 மீட்டர்! முன்வாசலில் டேப் வைத்தவர் சொல்லும் உயரமும் பின்வாசலில் வைத்தவர் சொல்லும் உயரமும் வேறு வேறு சட்டத்துக்குள் போய் விழுகின்றன.

ஹைட்ரண்ட் இருக்கு... தண்ணி வருமா?

அறிக்கை வந்ததும் உள்ளாட்சி அமைப்பு அதைப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அமைப்பின் கருத்துக்கு அனுப்பும். 21 நாளில் பதில் வரும். இந்தப் பொறுப்பை முதலில் ஏற்றது ஹெல்த் அண்ட் சேஃப்டி எக்ஸிகியூட்டிவ் (ஹெச்.எஸ்.இ.). அது அனுப்பிய பதில்களைப் புரட்டினால் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது.

‘அருகில் ஏற்கெனவே ஹைட்ரண்ட் உள்ளது’ என்று விண்ணப்பத்தில் எழுதியிருப்பார்கள். வரைபடத்தில் ஒரு புள்ளியும் இருக்கும். ‘அது வேலை செய்கிறதா என்று பார்த்தீர்களா? கைவிடப்பட்ட குழாயையோ பழுதான ஹைட்ரண்டையோ நம்பிக் கட்டப்போகிறீர்களா?’ என்பதுதான் ஹெச்.எஸ்.இ. கேள்வி. மேஜையில் உட்கார்ந்து மேப் பார்த்து நிரப்பிய அறிக்கை எது, ஸ்பாட்டுக்குப் போய் வந்து எழுதியது எது என்று இந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.

இது சின்ன விஷயம் இல்லை. தீயணைப்பு வீரர்கள் வெளியிலிருந்து தண்ணீர் ஏற்றும் குழாயின் வாயிலிருந்து 18 மீட்டருக்குள் வண்டி வந்து நிற்க வேண்டும். 90 மீட்டருக்குள் ஹைட்ரண்ட் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள வழிகாட்டுதல். புதிதாக ஹைட்ரண்ட் போட வேண்டி வந்தால் பாதை, புல்வெளி, பார்க்கிங் எல்லாம் இடம் மாறும். பிளான் அப்ரூவ் ஆன பிறகு இதைக் கண்டுபிடித்தால் மறுபடியும் முதலிலிருந்து வர வேண்டியதுதான்.

படிக்கட்டும் அப்படித்தான். வீடுகளுக்கு ஒரே படிக்கட்டு, அதுவே கீழே இறங்கி பேஸ்மென்ட் கார் பார்க்கிங் வரை போகிறது என்று வரைந்து வருவார்கள். கீழே கார் எரிந்தால் புகை ஏறும் வழியும் அதுதான், மேலே இருப்பவர்கள் இறங்கும் வழியும் அதுதான். படிக்கட்டைத் தரைத்தளத்தோடு நிறுத்தினால், பேஸ்மென்ட்டுக்குத் தனி வழி வேண்டும். அதற்கு ஒரு கடையின் இடம் போகும். பில்டருக்கு வலிக்கும் இடம் இது.

அறிக்கை சரியில்லை என்றால் அனுமதி கிடைக்காதா?

அப்படி இல்லை. ஹெச்.எஸ்.இ. சொன்னது கருத்து மட்டுமே. முடிவு உள்ளாட்சி அமைப்பின் கையில். இது போதாது என்றுதான் 2023 அக்டோபர் 1 முதல் அடுத்த கதவு வந்தது. விதிகளை எப்படிப் பின்பற்றப் போகிறோம் என்ற இணக்க அறிக்கையும் தீ, அவசரநிலைக் கோப்பும் கொடுத்து, ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் வாங்காமல் கட்டுமானத்தையே தொடங்கக் கூடாது. ஃபைல் நகரவே மாட்டேங்குது என்பது கட்டுமானத் துறையின் புகார். அதிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால், ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கு கிரென்ஃபெல்லே சாட்சி. அந்தக் கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது 2013-ல் எழுதப்பட்ட தீ பாதுகாப்பு அறிக்கை, இந்த மாற்றங்களால் வெளிப்புறத் தீப்பரவலில் பாதிப்பு வராது, அடுத்த பதிப்பில் அது உறுதிசெய்யப்படும் என்றது. அந்த அடுத்த பதிப்பு வரவே இல்லை. பலகைகள் மட்டும் ஏறிவிட்டன.

கோடு எங்கே போட்டாலும் அதற்குக் கீழே ஒருவர் இருப்பார். இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-க்கு 15 மீட்டர் தொட்டாலே உயரக் கட்டடம். தமிழ்நாட்டின் 2019 விதிகளில் 18.30 மீட்டரைத் தாண்டினால்தான். லண்டன் மாநகரம் இதற்கு வேறு வழி பிடித்தது. 2021 மார்ச்சில் வந்த அதன் திட்ட ஆவணப்படி, பத்து வீடோ அதற்கு மேலோ கட்டினால் உயரம் எவ்வளவாக இருந்தாலும் தீ அறிக்கை தர வேண்டும். அதைத் தகுதியுள்ள, திட்டத்தோடு தொடர்பில்லாத ஒருவர் எழுத வேண்டும். நாம் மேலே பார்த்த ஆறு தளக் கட்டடம் லண்டனில் வந்தால் முன்வாசலில் அளந்தாலும் பின்வாசலில் அளந்தாலும் அறிக்கை கட்டாயம்.