வாலைத் தலையில் ஒட்டும் வித்தை

கர்நாடகத்தின் விஜயபுராவில் கோல்கும்பஸ் மாடத்துக்கு ஏறி ஒரு சொல்லை உரக்கச் சொன்னால், அது பல முறை திரும்பி வரும். அங்கே ஒருவர் வேகமாகப் பேசினால், முதல் சொல்லின் எதிரொலி அடங்குமுன் அடுத்த சொல் வந்து விழும். கேட்பவருக்கு மிஞ்சுவது இரைச்சல்தான். மும்பையின் அடுக்குமாடிகளுக்கு நடுவே இருக்கும் செல்போனின் பாடும் இதுவே.

கோபுரத்திலிருந்து கிளம்பும் ரேடியோ அலை நேராகவும் வருகிறது. கட்டடங்களில் மோதிச் சுற்றியும் வருகிறது. ஒரு மைக்ரோ விநாடியில் அது 300 மீட்டர் போகும். சுற்றி வரும் அலை 900 மீட்டர் கூடுதலாக அலைந்தால், 3 மைக்ரோ விநாடி பிந்தி வரும். தகவலை விநாடிக்கு ஒரு கோடி குறிகளாக வரிசையில் அனுப்பினால், ஒரு குறிக்குக் கிடைப்பது 0.1 மைக்ரோ விநாடி. எதிரொலி வந்து சேருமுன் 30 குறிகள் கடந்து போயிருக்கும்.

4ஜி கையாளும் ஓ.எஃப்.டி.எம். முறை இதற்குச் சொல்லும் வழி, நிதானமாகப் பேசுவது. ஒரே வாய் அவசரமாகப் பேசுவதற்குப் பதில், நூற்றுக்கணக்கான வாய்கள் ஒரே நேரத்தில் மெதுவாகப் பேசுகின்றன. 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கப்பட்ட துணை அலைகள்தான் அந்த வாய்கள். ஒரு குறி 66.7 மைக்ரோ விநாடி நீடிக்கிறது. அந்த நேரத்துக்குள் ஒவ்வொரு துணை அலையும் முழு எண்ணிக்கையில் சுற்றுகளை முடிக்கிறது: ஒன்று 10 சுற்று என்றால் அடுத்தது 11, அதற்கடுத்தது 12. சுற்றுகள் முழுமையாக இருப்பதால்தான், ஒன்றைப் பிரித்தெடுக்கும் கணக்கில் மற்றவை கூட்டிக் கழித்துப் பூஜ்யமாகிவிடுகின்றன.

இருந்தாலும் 3 மைக்ரோ விநாடி பிந்தி வரும் எதிரொலி, அடுத்த குறியின் தொடக்கத்தைக் கெடுக்கும். 1971இல் பெல் ஆய்வுக்கூடத்தின் வைன்ஸ்டைனும் எபெர்ட்டும் குறிகளுக்கு நடுவே காவலாக ஓர் இடைவெளி விட்டார்கள். இடைவெளியில் மௌனம் காத்தால், முந்தைய குறி அடுத்ததில் கலப்பது நிற்கும். ஆனால் வேறொரு சிக்கல் முளைக்கும். பிந்தி வரும் அலையைப் பொறுத்தவரை, பெறும் கருவி பார்க்கும் 66.7 மைக்ரோ விநாடியில் முதல் 3 வெறுமை. அலையின் கடைசித் துண்டோ வெளியே போய்விடுகிறது. சுற்றுகள் முழுமை இழக்கின்றன. பூஜ்யமாக வேண்டியவை பூஜ்யமாகாமல், துணை அலைகள் ஒன்றோடொன்று கலக்கின்றன.

1980இல் பெலெட், ரூயிஸ் ஆகிய இருவரும் தந்த தீர்வு, மௌனத்துக்குப் பதிலாக அந்தக் குறியின் வாலையே வெட்டித் தலையில் ஒட்டுவது. சுழல் முன்னொட்டு என்பது இதைத்தான். 4ஜியின் 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு குறிக்கு 2048 மாதிரிகள். அவற்றில் கடைசி 144ஐ நகலெடுத்து முன்னால் வைக்கிறார்கள், அதாவது 4.7 மைக்ரோ விநாடி. பெறும் கருவி இந்த முன்னொட்டை வாசிக்காமல் எறிந்துவிடும். பழைய குறியின் எச்சம் அதோடு போய்விடும். பிந்தி வரும் அலையிலோ, வெறுமை இருந்த இடத்தில் இப்போது வால் இருக்கிறது. கட்டிய மாலையைச் சற்றே திருப்பிப் போட்டால் பூக்களின் எண்ணிக்கை மாறுவதில்லை. அதுபோலச் சுற்றுகள் முழுமையாகவே இருக்கின்றன. தொடங்கும் இடம் மட்டும் நகர்ந்திருக்கிறது.

எனவே எதிரொலியால் ஒவ்வொரு துணை அலையின் உயரமும் தொடங்கும் இடமும்தான் மாறுகின்றன. கோபுரம் இடையிடையே அனுப்பும், இரு தரப்பும் முன்பே அறிந்த குறிகளை வைத்துச் செல்போன் அந்த மாற்றத்தை அளந்துகொள்கிறது. பிறகு துணை அலைக்கு ஒரு வகுத்தல் போதும், சரிசெய்துவிடலாம்.

இதற்கு விலை உண்டு. நேரத்தில் சுமார் 7 சதவிகிதம் எறியப்படும் முன்னொட்டுக்கே போகிறது. எல்லையும் உண்டு. 4.7 மைக்ரோ விநாடி என்பது 1.4 கிலோமீட்டர் கூடுதல் தூரம். எதிர்மலையில் மோதி அதைவிடத் தொலைவு சுற்றி வரும் வலுவான அலை காவலைத் தாண்டிவிடும். அப்போது செல்போன் திரையில் சிக்னல் கோடுகள் நிறைந்திருக்கும். தகவல் மட்டும் ஊர்ந்து வரும். கோபுரத்தின் சக்தியைக் கூட்டியும் பயனில்லை, எதிரொலியும் சேர்ந்தே கூடும். இத்தகைய இடங்களுக்காக 16.7 மைக்ரோ விநாடி நீளும் முன்னொட்டையும் 4ஜி விதிகள் அனுமதிக்கின்றன. அது 5 கிலோமீட்டர் வரை தாங்கும். ஆனால் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கை விழுங்கும்.

முன்னொட்டால் ஆகாத காரியமும் ஒன்று உண்டு. நேர் அலையும் எதிரொலியும் ஏதாவதொரு துணை அலையில் எதிரெதிராகச் சந்தித்தால், அந்தத் துணை அலை ஏறக்குறைய அழிந்தே போகும். அங்கே வகுத்தால் இரைச்சல்தான் பெருகும். அதனால் தகவலைப் பிழை திருத்தும் குறிமுறையோடு பல துணை அலைகளில் பரப்பி அனுப்புகிறார்கள்; அழிந்த வாய் சொல்லவந்ததை மற்ற வாய்களிடமிருந்து மீட்டுக்கொள்ள முடிகிறது.