கையெழுத்துக்கு முன் ஆறு கேள்விகள்



சற்று நீளமான பதிவு. வாடகை வீட்டில் இருப்பவர்களும், வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவி ஒருத்தி, இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், செம்பரம்பாக்கத்தில் வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறாள். கணவருக்கு ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை. மாத வாடகை 10,000 ரூபாய், அட்வான்ஸ் 70,000 ரூபாய். ஒப்பந்தத்தை போனில் படம் பிடித்து ஏழு படங்களாக வாட்ஸ்அப்பில் அனுப்பி, "டீச்சர், ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து. ஒருமுறை பார்த்துச் சொல்லுங்க" என்றாள். அவள் அனுமதியோடு, பெயர், முகவரி இல்லாமல், அதை வைத்தே இந்தப் பதிவை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாடகை ஒப்பந்தத்தில் நம் பணத்தைக் கரைப்பது பெரும்பாலும் கடுமையான நிபந்தனை அல்ல, முழுமையடையாத நிபந்தனைதான். "யார், எவ்வளவு, எப்போது" என்ற மூன்று கேள்விக்கும் ஒரு வரி பதில் சொல்லவில்லை என்றால், அந்தப் பதிலைப் பின்னாளில் அட்வான்ஸ் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் சொல்வார்.

முதலில் படங்களைப் பற்றி. படத்தில் வரும் ஒப்பந்தத்தைப் படிப்பதற்கு முன் பக்கங்களை எண்ண வேண்டும். அவள் அனுப்பியது ஏழு படம். அதில் இரண்டு படம் ஒரே பக்கம். அடியில் இருந்த பக்க எண்களைப் பார்த்தால் 1, 2, 3, 5, 6, 7. நான்காம் பக்கமே இல்லை. நிபந்தனை எண்களும் அதையே சொல்லின: மூன்றாம் பக்கம் எட்டாவது நிபந்தனையோடு முடிகிறது, ஐந்தாம் பக்கம் பதின்மூன்றில் தொடங்குகிறது. நடுவில் நான்கு நிபந்தனைகளைக் காணோம். இரண்டாம் பக்கத்தில் வலது ஓரம் படத்துக்கு வெளியே போய்விட்டது. காலி செய்த பிறகு அட்வான்ஸை எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்ற வரியில் அந்த எண் இருக்க வேண்டிய இடம் அதுதான்.

ஆகவே, "பக்கத்தை மேசையில் விரித்து, நான்கு மூலையும் தெரிகிற மாதிரி, நேர் மேலிருந்து மறுபடி எடும்மா" என்றேன். மறுநாள் முழுப் படங்கள் வந்தன. அட்வான்ஸ் வரியின் ஓரத்தில் எண்ணே இல்லை, கோடு மட்டும் போட்டுக் காலியாக விட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில், வீட்டில் உள்ள ஃபேன், லைட், குழாய் பட்டியல் எழுத வேண்டிய கட்டமும் காலி. காலி இடத்தோடு கையெழுத்துப் போடுவது, தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துப் போடுவது போலத்தான்.

இனி நிபந்தனைகளுக்கு வருவோம்.

ஐந்தாவது நிபந்தனையும் பன்னிரண்டாவது நிபந்தனையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. ஐந்தாவது சொல்வது: வாடகைதாரர் 11 மாதத்துக்கு முன் காலி செய்யக்கூடாது, செய்தால் மீதி மாதங்களுக்கும் வாடகை தர வேண்டும். இதைத்தான் லாக்-இன் என்கிறார்கள். காணாமல் போயிருந்த நான்காம் பக்கத்தில் இருந்த பன்னிரண்டாவது சொல்வது: இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்.

இதில் எது செல்லும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். அவள் கணவருக்கு ஐந்தாம் மாத முடிவில் வேறு ஊருக்கு மாற்றல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதம் முன்பே நோட்டீஸ் கொடுத்தாயிற்று. பன்னிரண்டாவது நிபந்தனைப்படி வாடகைக் கணக்கில் பாக்கி எதுவும் இல்லை. ஐந்தாவதின்படி மீதி ஆறு மாதத்துக்கு 60,000 ரூபாய் தர வேண்டும். அதோடு, ஏழாவது நிபந்தனையில் பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை கழிக்கப்படும் என்று இருக்கிறது, அது 10,000. ஆக ஒரு வழியில் 60,000 ரூபாய் திரும்பி வரும். இன்னொரு வழியில் 70,000 ரூபாயும் போய்விடும். இரண்டுமே அதே தாளில்தான் இருக்கின்றன.

அடுத்தது அட்வான்ஸ். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்பது அதில் பொது விதி. ஆனால் இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் அது செல்லும் என்று அதே பிரிவு சொல்கிறது. ஏழு மாத அட்வான்ஸுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு "சட்டம் மூன்று மாதம் என்கிறதே" என்று கேட்பது கடினம். கேட்பதானால் முன்பே கேட்க வேண்டும். காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் உண்டு. அந்தக் காலிக் கோட்டில் எழுத வேண்டிய எண்ணை நாம் தேடி அலைய வேண்டியதில்லை.

மூன்றாவது, பெயிண்டிங்கும் பழுதும். இதே சட்டத்தின் அட்டவணையில் வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதும் உரிமையாளர் பொறுப்பாகப் போடப்பட்டிருக்கின்றன. குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள் போன்ற சில்லறைப் பழுதுகள் வாடகைதாரர் பொறுப்பு. ஆனால் சென்னையில் ஒரு மாத வாடகையைப் பெயிண்டிங்குக்குப் பிடிப்பது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. இதற்காகச் சண்டை பிடிக்கச் சொல்ல மாட்டேன். ஆறு மாதத்தில் காலி செய்தாலும் அதே தொகையா, உண்மையில் ஆன செலவா என்று கேட்கச் சொல்வேன். இதைவிட முக்கியமானது பக்கத்திலேயே இருந்த இன்னொரு வரி: "வீட்டை ஒப்படைத்த அதே நிலையில் திருப்பித் தர வேண்டும்." ஆணி அடிக்காமல், எதையும் உடைக்காமல் இருந்தாலும் சுவர் கொஞ்சம் மங்கத்தான் செய்யும். "இயல்பான தேய்மானம் நீங்கலாக" என்ற மூன்று சொல் அங்கே சேர வேண்டும். குடிபுகும் நாளில் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து, அன்றே உரிமையாளருக்கும் அனுப்பிவிட்டால் பிற்பாடு பேச்சுக்கு இடமில்லை.

நான்காவது கரன்ட் பில். "சப் மீட்டர்படி உரிமையாளர் நிர்ணயிக்கும் விலையில்" என்று இருந்தது. நிர்ணயிக்கும் விலை என்றால் யூனிட்டுக்கு எவ்வளவு? நம் மின்வாரியம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறது. யூனிட் கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறும். மூன்று குடித்தனம் ஒரே இணைப்பில் ஓடினால் மொத்த யூனிட்டும் சேர்ந்து மேல்படிக்குப் போய்விடும். குறைவாகச் செலவழிக்கும் குடும்பமும் அந்த மேல்படி விலையைக் கட்ட நேரும். அதனால் இந்த வீட்டுக்குத் தனி இணைப்பு உண்டா, தண்ணீர் மோட்டாரும் படிக்கட்டு விளக்கும் யார் மீட்டரில் ஓடுகின்றன என்று கேட்பது அவசியம்.

ஐந்தாவது எங்கள் ஊருக்கே உரியது. "மழை, வெள்ளம் அல்லது வேறு காரணத்தால் ஏற்படும் சேதத்துக்கு வாடகைதாரரே பொறுப்பு" என்று ஒரு வரி. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்து, அடையாற்றங்கரை என்ன பாடுபட்டது என்பதைப் பார்த்த நாம் இந்த வரியைச் சாதாரணமாகத் தாண்டிப் போக முடியாது. வாடகைதாரரின் ஃப்ரிட்ஜும் துணிமணியும் நனைந்தால் உரிமையாளர் பொறுப்பில்லை என்பது பொருளானால் அது நியாயம். சுவர், ஒயரிங், மோட்டார் போனாலும் வாடகைதாரர் தலையில் என்பது பொருளானால் அது நியாயமில்லை. எந்தப் பொருள் என்று அந்த வரி சொல்லவில்லை.

இவ்வளவையும் போனில் வாய்வார்த்தையாகப் பேசினால் பாதி மறந்துவிடும். அதனால் உரிமையாளருக்கு அவளே அனுப்பும்படி ஒரு செய்தி எழுதிக் கொடுத்தேன்:

"ஐயா, வணக்கம். ஒப்பந்தம் படித்தோம். வீடு பிடித்திருக்கிறது. கையெழுத்துக்கு முன் சில விளக்கம் வேண்டும்.

1. நிபந்தனை 5, 12 இரண்டில் எது பொருந்தும்? இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தால் மீதி மாத வாடகை கேட்க மாட்டீர்கள்தானே?
2. அட்வான்ஸை மூன்று மாதமாகக் குறைக்க முடியுமா? காலி செய்து எத்தனை நாளில் திருப்பித் தருவீர்கள்?
3. பெயிண்டிங் பிடித்தம் எத்தனை மாதம் இருந்தாலும் ஒரே தொகையா? 'இயல்பான தேய்மானம் நீங்கலாக' என்று சேர்க்கலாமா?
4. கரன்ட் யூனிட் விலை எவ்வளவு? மோட்டார் யார் மீட்டரில்?
5. வெள்ளச் சேதம் என்பது எங்கள் பொருட்களுக்கு மட்டுமா, கட்டடத்துக்குமா?
6. ஒப்பந்தத்தை வாடகை ஆணையத்தில் பதிவு செய்வது யார், எப்போது?"

ஆறாவது கேள்விக்கு ஒரு விளக்கம். "11 மாதம்தானே, பதிவு வேண்டாம்" என்று பலர் சொல்வதுண்டு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்ற பழைய பதிவுச் சட்டத்திலிருந்து வந்த பழக்கம் அது. 2017 சட்டத்தின்படி, மாதக் கணக்கு எதுவானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிவும் ஆக வேண்டும். www.tenancy.tn.gov.in என்ற தளத்தில் அதற்கு விண்ணப்பிக்கலாம்.

உரிமையாளர் கோபப்படவில்லை. ஒப்பந்தத்தை டைப் அடித்த கடையில் பழைய மாதிரியையே எடுத்து அடித்திருக்கிறார்கள். ஐந்தாவது நிபந்தனையை அவரே கவனிக்கவில்லையாம். அதை எடுத்துவிட்டார். அட்வான்ஸ் திருப்ப 30 நாள் என்று எழுதினார். வெள்ளம் என்ற இடத்தில் "வாடகைதாரரின் பொருட்களுக்கு" என்று சேர்த்தார். யூனிட் விலையும், மோட்டார் தன் மீட்டரில் என்பதும் எழுத்தில் வந்தன. தேய்மானம் பற்றிய சொற்களும் சேர்ந்தன. பதிவுக்குத் தானே விண்ணப்பிப்பதாகச் சொன்னார். பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை என்பதை மட்டும் விடவில்லை. அட்வான்ஸும் 70,000-லிருந்து 60,000-க்குத்தான் இறங்கியது. அது கட்டுபடியாகுமா என்பதை அவர்கள் குடும்பம் பேசி முடிவு செய்தது. தெரிந்து ஒப்புக்கொள்வது வேறு, தெரியாமல் மாட்டிக்கொள்வது வேறு.

கையெழுத்து அன்று ஒரு வேலை மிச்சம். நாம் படித்தது படம். கையெழுத்துப் போடுவது காகிதம். திருத்தியவை எல்லாம் இரண்டு பிரதியிலும் வந்திருக்கின்றனவா என்று போனில் உள்ள படத்தோடு பக்கம் பக்கமாக ஒப்பிடுங்கள். பேனாவால் திருத்தினால் அந்த இடத்தில் இருவரும் சுருக்கொப்பம் போடுங்கள். காலிக் கோடு எதுவும் மிஞ்ச வேண்டாம். தேவையில்லாத இடத்தைக் குறுக்குக் கோடு போட்டு அடித்துவிடுங்கள்.

வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் என் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஒப்பந்தத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கேள்வி கேட்கும் வாடகைதாரரைத் தகராறுக்காரர் என்று நினைக்காதீர்கள். இன்று தெளிவாக எழுதிவிட்டால், காலி செய்யும் நாளில் வாசலில் நின்று வாக்குவாதம் செய்ய வேண்டியிருக்காது.